தையல் அறைக்கு எத்தனை லூமன்

பல்பு ஆலையின் சோதனைக்கூடத்தில் எல்லோரும் அவரை லூமன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. அதில் அவருக்கு வருத்தமில்லை, உள்ளூரப் பெருமைதான். ஒரு பல்பு மொத்தமாக எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதை அளந்து சொல்வது அவர் வேலை. அந்த வெளிச்சத்தின் அளவுக்குப் பெயர்தான் லூமன். இருபத்திரண்டு வருடமாக அதைத் தவிர வேறு எதையும் இந்த மனிதர் உருப்படியாக அளந்ததில்லை என்று அவர் மனைவி சொல்வாள். சொன்னதில் தப்பே இல்லை. அரை டம்ளர் தண்ணீர் கேட்டால் ததும்பத் ததும்பக் கொண்டுவந்து நிற்கிற ஆள் அவர்.

சோதனைக்கூடத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஓர் உருண்டை நிற்கும். இரண்டாகப் பிளந்து திறக்கும். உள்ளே முழுக்க வெள்ளைப் பூச்சு. பல்பை நடுவில் மாட்டி மூடிவிட்டால், அது எந்தப் பக்கம் வெளிச்சத்தை வீசினாலும் சுவரில் பட்டுப் பட்டு உள்ளேயே சமமாகப் பரவிவிடும். ஓரத்தில் இருக்கிற கருவி மொத்தத்தையும் ஓர் எண்ணாகச் சொல்லும். ஆலையில் அந்த உருண்டைக்குப் பூசணி என்று பெயர். பூசணி சொன்ன லூமனை, பல்பு இழுத்த வாட்டால் வகுத்தால் ஒரு வாட்டுக்கு எத்தனை லூமன் என்று வந்துவிடும். பழைய குண்டு பல்போ, சி.எஃப்.எல்.லோ, எல்.இ.டி.யோ, அட்டைப்பெட்டியில் என்ன ஜம்பம் அடித்திருந்தாலும் பூசணிக்குள் போய் வந்தால் சாயம் வெளுத்துவிடும்.

இப்படிப்பட்ட மனிதரின் வீட்டுப் பின்னறையில் ஓர் அறுபது வாட் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது என்றால் நம்புவீர்களா? எரிந்தது. அது அவர் மனைவியின் தையல் அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. இருக்கிற ஒரே ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைத் தவிர வேறெதையும் காட்டாது. ஒரு தையல் கடையிலிருந்து கோட்டுகளும் சட்டைகளும் கட்டுக் கட்டாக வரும். அவற்றுக்கு அவள் கையால் காஜா எடுத்துப் பித்தான் வைத்துக் கொடுப்பாள். பித்தான் நுழைகிற துளையைச் சுற்றி நூலை நெருக்கி நெருக்கி முடிச்சுப் போடுகிற வேலை அது. மிஷின் காஜா ஒரு பக்கம், அவள் கைக் காஜா ஒரு பக்கம் என்று கடைக்காரர் சொல்லித் திரிவார். அந்தக் கைவேலைதான் அவள் கெத்து.

ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் சொன்னாள்.

"ஏங்க, அந்த ரூம் ரொம்ப இருட்டா இருக்குங்க. ஊருக்கெல்லாம் வெளிச்சம் அளந்து குடுக்கறீங்க, நம்ம வீட்ல மட்டும் மங்கலாவே எரியுது."

"குண்டு பல்பு மா அது. நாளைக்கே மாத்திடறேன். இத்தன நாள் சொல்லக் கூடாதா?"

"சொல்ற அளவுக்கு இல்ல. இப்பதான் கொஞ்ச நாளா."

"இப்பதான் கொஞ்ச நாளா" என்பதை அவர் காதில் வாங்கினார். ஆனால் தொழில்காரனின் காதால்தான் வாங்கினார். குண்டு பல்பின் கம்பி நாளாக நாளாகத் தேய்ந்து, கண்ணாடியின் உட்புறம் கறுத்து, வெளிச்சம் குறையும். இயல்புதானே என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் அந்தக் குண்டு பல்பையே கழற்றி ஆலைக்கு எடுத்துப் போனார். கூடவே கூடத்தில் எரிந்த பதினைந்து வாட் சி.எஃப்.எல்.லையும் எடுத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவற்றையும், ஆலையின் ஒன்பது வாட் எல்.இ.டி. ஒன்றையும் பூசணிக்குள் வரிசையாக அனுப்பினார். அறுபது வாட் குண்டு பல்பு அறுநூற்று அறுபது லூமன் கொடுத்தது. வகுத்தால் வாட்டுக்குப் பதினொன்று. இரண்டு வருடம் எரிந்த சி.எஃப்.எல்., புதிதாக இருக்கும்போது எண்ணூற்றைம்பதைத் தாண்டியிருக்கும், இப்போது அறுநூற்றுத் தொண்ணூறு. வாட்டுக்கு நாற்பத்தாறு. எல்.இ.டி. எண்ணூற்றெண்பது லூமன், வாட்டுக்குத் தொண்ணூற்றெட்டு. சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற சின்ன நோட்டில் தேதி போட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். தலைப்பு: தையல் அறை.

அன்று சாயங்காலம் எல்.இ.டி.யை மாட்டிவிட்டு ஸ்டூலில் இருந்து இறங்காமலே கேட்டார்.

"எப்படி?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். "எத்தன வாட்டு?"

"ஒம்போது."

"அறுபதக் கழட்டிட்டு ஒம்போதா? அதான் அப்படியே இருக்கு."

லூமன் சிரித்தே விட்டார். ஆலையின் புகார்ப் பிரிவுக்கு வருகிற கடிதங்களில் பாதி இதுதான். அறுபதுக்குப் பதில் ஒன்பது போட்டோம், இருட்டாக இருக்கிறது, ஏமாற்றிவிட்டீர்கள். அந்த பல்புகளைத் திருப்பி வாங்கிப் பூசணியில் போட்டால் முன்னதைவிட அதிகமாகவே லூமன் காட்டும். எண் சிறிதானதும் கண்ணுக்கு வெளிச்சமும் குறைந்ததாகத் தோன்றிவிடுகிறது ஜனங்களுக்கு. இந்தப் புகாருக்குப் பதில் எழுதி எழுதியே அவருக்கு விரல் தேய்ந்திருந்தது.

"வாட்டுங்கறது பல்பு சாப்பிடறது. லூமன்தான் அது செய்யற வேலை," என்றார். "நெறைய சாப்பிடறவன் நெறைய வேலை செய்வான்னு யார் சொன்னா? குண்டு பல்பு சாப்பிட்டதெல்லாம் சூடாத்தான் போகும். இது கொஞ்சமாத் தின்னுட்டு மூணுல ஒரு பங்கு கூடுதலா வெளிச்சம் குடுக்குது. வேற வேற வகை பல்ப வாட்ட வெச்சு ஒப்பிடக் கூடாது மா. லூமன வெச்சுத்தான் ஒப்பிடணும்."

"அப்போ எனக்குத்தான் தெரியலையா?"

"பழகிடும்."

பழகிடும். பிற்பாடு அந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் தன் வாயைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது அவருக்கு. அவள் கேட்டது எவ்வளவு நேரான கேள்வி! அதற்கு அன்றே ஆமாம் என்று பதில் சொல்லியிருந்தால், இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

பத்து நாள் கழித்து அவள் மறுபடியும் சொன்னாள். மேலே அலமாரிக் கதவு திறந்திருந்தது தெரியாமல் நெற்றியை இடித்துக்கொண்டு, அந்த இடத்தைத் தேய்த்தபடியே சொன்னாள். லூமன் நெற்றிக்கு ஈரத்துணி வைத்துவிட்டு, விளக்கின் மேல் சந்தேகப்பட்டார். மனைவியின் கண்மேல் சந்தேகப்பட அவருக்கு ஒரு காரணமும் இல்லை. ஊசியில் நூல் கோக்கிறாளே! ஒரே குத்தில் கோத்துவிடுகிறாள். காஜாவின் முடிச்சுகள் அரிசி அடுக்கியது போல நிற்கின்றன. அந்தக் கண்ணில் போய் என்ன குறை இருக்க முடியும்?

உண்மையில் ஆலையில் ஒருத்தி கேட்கவும் கேட்டாள். புகார்ப் பிரிவில் இருக்கும் அக்கா, வாய் ஓயாமல் கிண்டல் செய்கிற மனுஷி.

"என்ன லூமன், வீட்ல இருந்தே புகாரா? நம்பர் போட்டு ஃபைல்ல சேத்துடட்டுமா?" என்றவள், சிரிப்பை நிறுத்திவிட்டு, "அது சரி, அவங்க கண்ணக் காட்டினீங்களா?" என்றாள்.

"அவ ஊசி கோக்கற வேகத்துக்கு உங்களால சாவிய துவாரத்துல விட முடியாது அக்கா."

இதற்கு அக்காவே சிரித்துவிட்டாள். பேச்சு அதோடு போயிற்று.

அவர் கணக்கில் இறங்கினார். கணக்கு என்று வந்துவிட்டால் அவருக்குச் சாப்பாடு தூக்கம் வேண்டாம். பல்பு தருகிற லூமன் வேறு, மேஜைமேல் வந்து விழுவது வேறு. அறை பதினோரு சதுர மீட்டர். எண்ணூற்றெண்பது லூமனில் சுவரும் கூரையும் விழுங்கியது போகப் பாதிதான் வேலை செய்கிற மட்டத்துக்கு வரும். நானூற்று நாற்பதைப் பதினொன்றால் வகுத்தால் சதுர மீட்டருக்கு நாற்பது. அதை லக்ஸ் என்பார்கள். நடந்துபோக அது போதும். கறுப்புக் கோட்டில் கறுப்பு நூலால் காஜா எடுக்க எழுநூறாவது வேண்டும்.

"உன்மேல தப்பே இல்ல மா," என்று வந்து சொன்னார். "நான்தான் லூமனோட நின்னுட்டேன். லக்ஸ் பாக்கல."

அவள் முகம் மலர்ந்தது. தப்பு தன்மேல் இல்லை என்று கேட்டதில் அவளுக்கும் ஒரு நிம்மதி. இப்படியாகப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து குதூகலமாகத் தப்பான வழியில் நடந்தார்கள்.

ஒரு பல்பு இருந்த இடத்தில் பதினான்கு வாட் எல்.இ.டி. இரண்டு வந்தன. ஒன்று மட்டும் இருந்தால் அவளுடைய தலையே வேலைமேல் நிழலாக விழும், இரண்டை எதிரெதிரே வைத்தால் ஒன்றின் நிழலை மற்றது அழித்துவிடும். ஒவ்வொன்றும் ஆயிரத்து நானூறு லூமன். சுவருக்கு வெள்ளையடித்தார். அதன் பின்னும் அவள் மங்கல் என்றதும் மேஜை ஓரத்தில் வளையும் கழுத்து விளக்கு ஒன்று வந்தது. வெறும் ஏழு வாட்தான், ஆனால் வெளிச்சம் முழுவதையும் ஒன்றரை அடி தூரத்தில் இருந்து துணியின்மேலேயே கொட்டும். ஆலையிலிருந்து இரவல் வாங்கி வந்த மீட்டரைத் துணிமேல் வைத்தார். எண்ணூற்று அறுபது லக்ஸ்.

"இப்போ?"

"கண்ணு கூசுதுங்க," என்றாள். "கூசுது, ஆனா அந்தப் பக்கமெல்லாம் புகை போட்ட மாதிரி இருக்கு."

"எந்தப் பக்கம்?"

அவள் கையை மேலே வீசிக் காட்டினாள். அவர் அந்தத் திசையில் மீட்டரைத் தூக்கிப் பிடித்தார். எண் வந்தது. நல்ல எண்.

"மீட்டர் பொய் சொல்லாது மா," என்றார். குரலில் கொஞ்சம் கடுப்பு இருந்தது. ஐந்து மாதம் ஸ்டூல் ஏறி இறங்கின கடுப்பு. தன் தொழிலையே வீட்டுக்குள் ஒருத்தி குறை சொல்கிறாளே என்கிற கடுப்பும் இருந்தது, மறைப்பானேன்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு விளக்கைப் பார்த்தாள். துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "ஆமா, இப்ப நல்லாத்தான் இருக்கு. இவ்ளோ செஞ்சிருக்கீங்க, நான்தான் சும்மா படுத்தறேன்," என்றாள்.

லூமன் நோட்டில் தேதி போட்டு எழுதினார்: தையல் அறை, 860 லக்ஸ், தீர்ந்தது. அடியில் இரண்டு கோடு வேறு.

அதன்பின் மூன்று மாதம் வீட்டில் புகாரே இல்லை. இதையும் சொல்ல வேண்டும், அந்த மூன்று மாதமும் அவர் சந்தோஷமாக இருந்தார். கடையிலிருந்து வருகிற கட்டுகள் சிறுத்துக்கொண்டே போனதற்கு, இப்போது யார் கைக் காஜா கேட்கிறார்கள் என்று அவளே காரணம் சொன்னாள். தெருவில் நடக்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்தவள் இல்லை. வயதாக வயதாகப் பாசம் கூடுகிறது என்று நினைத்து அவர் உள்ளுக்குள் பூரித்துப் போனார். யாராவது எதிரே வந்தால் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கூடக் கொண்டார். பாவி மனுஷன்.

பிறகு ஒருநாள் இடியும் மழையுமாக இருந்தது. மின்சாரம் திடீரென்று எகிறி, தையல் அறையின் மூன்று விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்துபோயின. எல்.இ.டி.க்கு அதுதான் சாபம். வெளிச்சம் தருகிற சில்லு கல் மாதிரி இருக்கும், அதற்குக் கரண்டைப் பதமாக்கிக் கொடுக்கிற உள் சர்க்கியூட்தான் முதலில் புகையும். வீட்டில் மாற்றுப் பல்பு என்று இருந்தது மேஜை இழுப்பறையில் கிடந்த அந்தப் பழைய சி.எஃப்.எல். ஒன்றுதான். வாசலுக்கும் குளியலறைக்குமாக இன்னும் கொஞ்சம் உழைத்துத் தேய்ந்து, கடைசியாக அளந்தபோது ஐந்நூற்று இருபது லூமனுக்கு வந்திருந்தது. காலையில் புதிது வாங்கும்வரை ஒப்பேற்றலாம் என்று அதை மாட்டினார்.

ஸ்விட்சைப் போட்டார். சி.எஃப்.எல். எடுத்த எடுப்பில் முழு வெளிச்சம் தராது, குழல் சூடேற ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அழுக்கு மஞ்சளாக, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எரிந்தது. பழக்க தோஷத்தில் மேஜைமேல் மீட்டரை வைத்தார். பதினொன்று. எண்ணூற்று அறுபது இருந்த இடத்தில் பதினொன்று.

"ரொம்ப மங்கல், இன்னிக்கு வேல செய்யாத" என்று சொல்ல அவர் வாய் திறப்பதற்குள், அவள் நிலைக்கதவை ஒரு கையால் தடவிக்கொண்டு உள்ளே வந்தாள். ஸ்டூல் இருப்பதைக் காலால் உணர்ந்து, விளக்கு மாறியிருக்கிறது என்று புரிந்துகொண்டாள். அண்ணாந்து பார்த்தாள். உடனே முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்தாள்.

"புதுசா போட்டீங்களா? இது முன்ன இருந்ததவிட நல்லா வெளிச்சமா இருக்குங்க. இதையே விட்டுடுங்க. இனிமே மாத்தாதீங்க."

லூமன் ஸ்டூலின்மேல் நின்றபடி மீட்டரைப் பார்த்தார். பதினான்கு ஆகியிருந்தது.

"நல்லா இருக்கா?" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்கு."

அவர் இறங்கினார். அவளுக்கு எதிரே நின்று, தன் வலது கையை அவள் தலைக்கு மேலே, ஓர் அடி முன்னால் தூக்கி விரல்களை ஆட்டினார். அவள் நேராக அவர் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கையைக் கொஞ்சம் இறக்கினார். இன்னும் இறக்கினார். புருவத்துக்கு நேரே வந்த பிறகுதான் அவள் திடுக்கிட்டுத் தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"இந்த பல்பு செத்துப்போன பல்பு மா," என்றார். "ஏன் நல்லா இருக்குன்னு சொன்ன?"

அவள் தையல் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள்.

"மூணு மாசமா எல்லாத்துக்கும் நல்லா இருக்குன்னுதான் சொல்றேன்," என்றாள். "மங்கல்னு சொல்லும்போதெல்லாம் உங்க முகம் சுண்டிப் போகுது. திரும்ப ஸ்டூல் போடறீங்க, திரும்ப மீட்டர் வெக்கறீங்க. மீட்டர் நல்லா இருக்குங்குது, அப்ப நான்தானே பொய்யி? எதுக்கு உங்கள அலைக்கழிக்கணும்னு விட்டுட்டேன். நூல் கோக்க முடியுது, நடுவுல தெரியுது. மீதிய விரல் பாத்துக்குது."

லூமன் தரையில் உட்கார்ந்து அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். ஐம்பத்தோரு வயது மனிதர், விக்கி விக்கி அழுதார். அவள் அவர் தலையைக் கோதிக்கொண்டே, "பல்புதானே போச்சு, விடுங்க," என்று தேற்றினாள்.

கண் மருத்துவர் அவள் வயதை ஒத்த பெண்மணி. இரண்டு கண்ணுக்கும் சொட்டு மருந்து விட்டார், அழுத்தம் அளந்தார், கருவியில் முகத்தை வைத்து உள்ளே வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறிப்போய், பின்னால் இருக்கிற பார்வை நரம்பை அரித்திருக்கிறது என்றார். வலிக்காது, சிவக்காது, நடுப்பார்வையைக் கடைசிவரைக்கும் விட்டுவைத்துவிட்டு ஓரங்களிலிருந்து தின்னும், அதனால்தான் ஊசி கோக்க முடிந்திருக்கிறது என்றார்.

"மங்கலா இருக்குன்னு எப்போ மொதல்ல சொன்னாங்க?"

இதற்கு நாள் தவறாமல் பதில் சொல்லக்கூடிய புருஷன் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான் இருந்திருப்பார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். குண்டு பல்பு கழற்றிய தேதி. ஒன்பது வாட் போட்ட தேதி. நெற்றி இடித்த பிறகு பதினான்கு வாட் இரண்டு போட்ட தேதி. கூசுகிறது என்று சொன்ன தேதி. மருத்துவர் நோட்டைக் கையில் வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். லூமனும் லக்ஸும் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்தார். "தீர்ந்தது" என்று கோடு போட்ட இடத்தில் கொஞ்சம் நின்றார். மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"எட்டு மாசம்," என்றார் லூமன். "அன்னிக்கே வந்திருந்தா?"

"அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும். ஆனா இந்த அழுத்தத்துல எட்டு மாசம் போனா அதுலயும் கொஞ்சம் போயிருக்கும். எவ்ளோன்னு இப்போ அளந்து சொல்ல முடியாது."

"போனது?"

"போனது வராதுங்க. இருக்கறத மருந்து போட்டு நிறுத்தப் பாக்கலாம்."

"வீட்ல லைட்டு... எவ்ளோ போடணும்?"

மருத்துவர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "நல்ல வெளிச்சம் இருக்கட்டும், கூசாம இருக்கட்டும். ஆனா குறை வெளிச்சத்துல இல்ல. வாங்கிக்கற நரம்புல. நீங்க எத்தன பல்பு போட்டிருந்தாலும் அது போயிருக்கற இடத்துல தெரிஞ்சிருக்காது." பிறகு அவள் பக்கம் திரும்பி, "எவ்ளோ மிச்சம் இருக்குன்னு ஒரு டெஸ்ட் பண்ணிடலாம் மா. பயப்படாதீங்க," என்றார்.

அவள் தைரியமாகத்தான் எழுந்தாள். "நெறைய மிச்சம் இருக்கும் டாக்டர். நான் இன்னும் காஜா எடுக்கறேன்," என்றாள்.

சோதனை அறை இருட்டாக இருந்தது. நடுவில் ஒரு கருவி. லூமன் அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். பாதி வெட்டிய பூசணி. அதே வெள்ளைப் பூச்சு, அதே வளைவு. அவளுடைய ஒரு கண்ணை மூடிக் கட்டி, முகவாயைத் தாங்கியில் வைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் சோதனை செய்கிற பெண்.

"நடுவுல இருக்கற மஞ்சப் புள்ளியையே பாருங்க மா. சுத்தி அங்கங்க சின்ன வெளிச்சம் வந்து போகும். தெரிஞ்சா அமுக்குங்க. ரொம்ப மங்கலானதெல்லாம் யாருக்கும் தெரியாது, கவலப்படாதீங்க."

லூமனைப் பின்னால் நிற்க அனுமதித்தாள், மூச்சு விடக் கூடாது என்ற நிபந்தனையோடு. மனைவியின் தலைக்கு மேலாக அவருக்கு அந்தக் கிண்ணத்தின் மேல் பாதி நன்றாகத் தெரிந்தது.

முதல் புள்ளி கீழே எங்கோ வந்திருக்க வேண்டும். பொத்தான் டிக் என்றது. மறுபடியும் டிக். பிறகு மேலே, இடது பக்கம், ஒரு சின்ன வெளிச்சம் பூத்து மறைந்தது. பொத்தான் சத்தம் வரவில்லை. மங்கலானதுதானே என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். கொஞ்சம் கழித்து அதே இடத்தில் வெளிச்சம் வந்தது, முன்னதைவிடப் பளிச்சென்று. சத்தமில்லை. அடுத்த முறை இன்னும் பளிச்சென்று. அவர் நின்ற இடத்திலிருந்தே கண்ணை உறுத்தியது. அவள் கட்டைவிரல் பொத்தான்மேல் தயாராக, ஆசையாக, அசையாமல் இருந்தது. தெரியாத இடத்தில் வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்க்கிறது இந்த மெஷின் என்று அவருக்கு விளங்கிற்று. தான் ஐந்து மாதம் ஸ்டூல்மேல் ஏறிச் செய்ததை இது ஐந்து நிமிடத்தில் செய்கிறது. மேல் பாதி முழுக்க வெளிச்சங்கள் வந்தன. இடதில், வலதில், உச்சியில், ஒன்று மாற்றி ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. இருட்டில் அவர் சட்டையின் முன்பக்கம் நனைந்தது. ஒரு முறை, ஒரே ஒரு முறை அமுக்கிவிடேன் மா என்று மனசுக்குள் கெஞ்சினார்.

மறு கண்ணும் முடிந்தது. அறை விளக்கைப் போட்டார்கள். அவள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, கையை நீட்டி அவர் கை எங்கே என்று தேடினாள். அவர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். சோதனை செய்த பெண் திரையைப் பார்த்தபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவ்ளோதானா? நான் என்னமோன்னு பயந்தேன்," என்றாள் அவள். முகத்தில் பரீட்சை எழுதி முடித்த தெம்பு. "வந்தது அத்தனையும் அமுக்கிட்டேங்க, ஒண்ணுகூட விடல." வாசல்வரை வந்த பிறகு, உள்ளே இருக்கிற பெண்ணுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று அவர் காதருகே குனிந்து, "ஆனா அவங்க மெஷின்தான் சரியில்ல," என்றாள். "நடுவுல நடுவுல நின்னுடுது. ரொம்ப நேரம் ஒண்ணுமே வரல, நான் சும்மாவே உக்காந்திருந்தேன். உங்களுக்குத்தான் லைட்டு பத்தித் தெரியுமே, ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்களேன்."

"பழைய மெஷின் மா," என்றார் லூமன். "நின்னு நின்னுதான் வரும்."